மண்ணீரல் போன பிறகு ரத்தப் பூச்சில் தெரிபவை

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கு 56 வயது. மூன்று வருடங்களுக்கு முன் தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் மண்ணீரல் கிழிந்து, தஞ்சாவூரில் அவசர அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கண்புரை அறுவைக்காக ரத்தப் பரிசோதனை செய்தபோது ‘ஹாவெல்-ஜாலி துகள்களும் டார்கெட் செல்களும் காணப்படுகின்றன, தலசீமியா இருக்கிறதா என்று பார்க்கவும்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 13.9, சிவப்பணு எண்ணிக்கை 47 லட்சம், எம்.சி.வி. 89, தட்டணு 4.6 லட்சம். தலசீமியா பரம்பரை நோய் என்கிறார்கள். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்ல வேண்டுமா? ஒன்றும் புரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதற்கு இந்த அறிக்கையில் எதுவும் இல்லை. ஸ்லைடைப் பார்த்தவர் கண்டது உண்மை. அதற்கு அவர் ஊகித்த காரணம்தான் தவறான திசையில் போயிருக்கிறது. பரிசோதனைச் சீட்டில் ‘மண்ணீரல் எடுக்கப்பட்டவர்’ என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்த ஒரு வரி இருந்திருந்தால் தலசீமியா என்ற சொல்லே வந்திருக்காது.

மண்ணீரலுக்குள் ரத்தம் நேராகக் குழாய்க்குக் குழாய் ஓடுவதில்லை. அதில் ஒரு பகுதி, விழுங்கணுக்கள் நிறைந்த திசுவுக்குள் கொட்டி, அங்கிருந்து மிகக் குறுகிய பிளவுகள் வழியாக மீண்டும் ரத்தக் குழாய்க்குள் நுழைய வேண்டும். பிளவின் அகலம் ஒரு மைக்ரான் அளவுதான். சிவப்பணுவின் குறுக்களவோ ஏழெட்டு மைக்ரான். அணு மெல்லியதாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருப்பதால் நசுங்கி நுழைந்து வெளியே வந்துவிடும். அதற்குள் கெட்டியான துகள் ஏதாவது இருந்தால் துகள் மட்டும் பிளவில் மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு மண்ணீரல் அணுவை அனுப்பிவிடும். அணு சாவதில்லை, துகள் மட்டும் போய்விடுகிறது.

அந்தத் துகள் எங்கிருந்து வந்தது? எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு. முதிரும்போது அதை வெளியே தள்ளிவிடுகிறது. சில அணுக்களில் உட்கருவின் ஒரு துணுக்கு, அதாவது சிறிதளவு டி.என்.ஏ., உள்ளேயே தங்கிவிடும். இது உங்களுக்கும் எனக்கும் நடப்பதுதான். நமக்கு மண்ணீரல் இருப்பதால் அது ரத்தத்தில் தெரிவதில்லை. உங்கள் அப்பாவுக்கு அதை எடுக்க ஆள் இல்லை. லீஷ்மன் சாயம் ஏற்றிய ஸ்லைடில் அது கருநீலமாக, ஓரம் வழுவழுப்பாக, வட்டமாக, பெரும்பாலும் அணுவுக்கு ஒன்றாக, நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கித் தெரியும். இதுதான் ஹாவெல்-ஜாலி துகள். அமெரிக்கரான ஹாவெல், பிரெஞ்சுக்காரரான ஜாலி ஆகிய இருவரின் பெயர் அது. நோயின் பெயர் அல்ல.

டார்கெட் செல்லுக்கு வருகிறேன். உங்களைப் பயமுறுத்தியது இதுதான். சாதாரண சிவப்பணுவின் நடுப்பகுதி வெளிறியிருக்கும். டார்கெட் செல்லில் அந்த வெளிறிய வட்டத்தின் நடுவே மறுபடி ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். அணுவின் உள்ளே இருக்கும் பொருளைவிட அதைச் சுற்றியுள்ள சவ்வு அதிகமாக இருந்தால் இப்படி ஆகும். நெல்லுக்குத் தேவையானதைவிடப் பெரிய சாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்கு தொளதொளவென்று இருக்க இரண்டு காரணங்கள் இருக்கலாம்: நெல் குறைந்திருக்கலாம், அல்லது சாக்கு பெரிதாக இருக்கலாம். தலசீமியாவில் நெல் குறைவு. ஹீமோகுளோபின் சரியாக உற்பத்தியாகாததால் அணுவே சிறுத்துவிடுகிறது. மண்ணீரல் இல்லாதவரிடம் சாக்குதான் பெரிது. மஜ்ஜையிலிருந்து வரும் இளம் சிவப்பணுக்கள் கொஞ்சம் உபரிச் சவ்வோடுதான் வருகின்றன. அதைச் சீவிச் சரிசெய்வது மண்ணீரலின் இன்னொரு வேலை. அந்த வேலை நின்றுபோனால் நூற்றில் சில அணுக்கள் டார்கெட் ஆகத் தெரியும்.

இரண்டையும் பிரித்துச் சொல்வது எம்.சி.வி. என்ற எண். அது அணுவின் சராசரிப் பருமன். 80 முதல் 100 வரை இயல்பு. தலசீமியாவைச் சுமப்பவரிடம் இது பெரும்பாலும் 75-க்கும் கீழே இறங்கியிருக்கும். சிறிய அணுக்களை மஜ்ஜை நிறையச் செய்வதால் சிவப்பணு எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியிருப்பதும் வழக்கம். உங்கள் அப்பாவுக்கு 89, எண்ணிக்கை 47 லட்சம். இந்த இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் ரத்தத்தில் அணுக்கள் அடைத்திருக்கும் பங்கு ஏறக்குறைய 42 சதவீதம் என்று வருகிறது. ஹீமோகுளோபினை அதனால் வகுத்தால் 33. ஒவ்வொரு அணுவும் இயல்பான அளவில், ஹீமோகுளோபின் நிறைந்து இருக்கிறது என்று பொருள். நெல் குறையவில்லை. ஒரே அணு ஒரே நேரத்தில் தலசீமியாவால் சிறுத்தும் இயல்பான பருமனோடும் இருக்க முடியாது. பி12 குறைபாடு சேர்ந்துகொண்டு பருமனை மேலே இழுத்துவிடுவது போன்ற சிக்கல்கள் உண்டு. ஆனால் ஹீமோகுளோபின் 13.9 இருக்கும் ஒருவரிடம் அதைத் தேட எனக்குக் காரணம் தெரியவில்லை. இதன் பிறகும் மனம் கேட்கவில்லை என்றால் தங்கைக்கே ஒரு ரத்த எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் ஏ2 அளவும் பார்த்துவிடுங்கள். கல்யாணம் அவருக்குத்தானே.

சாக்கு பெரிதாவதற்கு மண்ணீரல் மட்டும் காரணமல்ல. கல்லீரல் கெட்டாலும் கொழுப்பு சவ்வில் படிந்து இதே உருவம் வரும். டெல்டாவில் அந்த வயது ஆண்களின் ஸ்லைடில் டார்கெட் செல் பார்த்தால் நான் முதலில் கேட்பது ‘குடிப்பாரா?’ என்றுதான். கோபித்துக்கொள்ள வேண்டாம், கல்லீரல் பரிசோதனை ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். இன்னொன்று, எங்கள் தொழிலுக்குள் நாங்கள் பேசிக்கொள்வது: ஐப்பசி, கார்த்திகை மழையில் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துச் சிறிய ஆய்வகங்களில் ரத்தப் பூச்சு காய்வதற்கு நேரம் எடுக்கும். மெதுவாகக் காயும் பூச்சில் பொய்யான டார்கெட் செல்கள் தோன்றும். அவை ஸ்லைடின் ஒரு பகுதியில் கூட்டமாக இருக்கும், அடுத்த பகுதியில் ஒன்றுகூட இருக்காது. மின்விசிறிக்கு அடியில் உடனே உலர்த்தி இன்னொரு பூச்சு போட்டால் காணாமல் போய்விடும். ஹாவெல்-ஜாலி துகளுக்கு இந்த ஏமாற்று வேலை தெரியாது. ஆனால் அணுவின் மேல் உட்கார்ந்த தட்டணுவையோ சாயத் துணுக்கையோ அதுவென்று எண்ணுவது நடக்கும். தட்டணுவைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் இருக்கும். சாயத் துணுக்கு, நுண்ணோக்கியின் குமிழை லேசாகத் திருகினால், அணுவிலிருந்து வேறொரு மட்டத்தில் இருப்பது தெரிந்துவிடும். மலேரியா வளையத்துக்குப் பொட்டோடு நீல நிற உடலும் உண்டு. ஓரத்தில் கொத்தாக, ஒழுங்கற்ற பொடியாகத் தெரிந்தால் அது பாப்பன்ஹைமர் துகள், இரும்புத் துணுக்கு. மண்ணீரல் இல்லாதவரிடம் அதுவும் வரும். பெர்ல்ஸ் சாயத்தில் நீலமாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

தட்டணு 4.6 லட்சம் என்பது இயல்பின் எல்லையைச் சற்றே தாண்டியது, கவலைப்பட ஒன்றுமில்லை. உடலின் தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில்தான் தங்கியிருக்கும். தங்கும் இடம் போனதால் அவையும் ரத்தத்துக்கு வந்துவிட்டன. அறுவைக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் இது இன்னும் மேலே போயிருக்கும்.

மூன்று வருடம் கழித்தும் ஹாவெல்-ஜாலி துகள்கள் இருப்பதைத்தான் நான் கவனமாகப் பார்க்கிறேன். விபத்தில் மண்ணீரல் சிதறும்போது அதன் சிறு துணுக்குகள் வயிற்றுக்குள் விழுந்து, அங்கேயே ஒட்டி, ரத்தக் குழாய் பிடித்து வளர்ந்துவிடுவது உண்டு. விபத்தால் மண்ணீரலை இழந்த குழந்தைகளில் பலருக்கு இப்படி அந்த வேலை ஓரளவு திரும்பியிருப்பதை 1978-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். துணுக்குகள் போதுமான அளவு வளர்ந்தவரின் ரத்தத்தில் ஹாவெல்-ஜாலி துகள்கள் குறைந்தோ மறைந்தோ போகும். உங்கள் அப்பாவிடம் அவை இன்னும் இருக்கின்றன. அப்படி வளர்ந்தது எதுவும் போதுமான அளவில் இல்லை என்று அர்த்தம். மறைந்திருந்தாலும் ‘பழையபடி ஆகிவிட்டது’ என்று நான் சொல்லமாட்டேன். துகளைக் கிள்ளி எடுக்கும் அளவுக்கு வளர்ந்த துணுக்கு, கிருமியைத் தடுக்கும் அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை இப்போது நான் கேட்கிறேன். அப்பாவுக்குத் தடுப்பூசி போட்டார்களா? நிமோகாக்கஸ் போன்ற, வெளியே தடித்த உறை உடைய கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது முக்கியமாக மண்ணீரல்தான். அது இல்லாதவருக்கு அந்தக் கிருமி வந்தால் காலையில் காய்ச்சல், மறுநாளுக்குள் உயிராபத்து என்ற வேகத்தில் போகும். அப்படிப்பட்டவரின் ரத்தப் பூச்சில் கிருமியையே நேரில் பார்க்க முடிவதுண்டு. அவ்வளவு பெருகியிருக்கும். அவசர அறுவைக்குப் பின் பொதுவாக இரண்டு வாரம் கழித்துத் தடுப்பூசி போடுவார்கள். வீட்டுக்குப் போன நோயாளி திரும்பி வராததால் பலருக்கு அது விட்டுப்போகிறது. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்ற மூன்றும் அதில் இல்லையென்றால் இப்போதும் போடலாம், மூன்று வருடம் தாமதம் என்பதால் கூடாது என்றில்லை. கண்புரை அறுவைக்கு முன்பே இதைப் பொது மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

சம்பா நடவுக் காலத்தில் நம் ஊரில் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்பார்கள். உங்கள் அப்பா பார்க்கக் கூடாது. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போய் முதல் வாக்கியமாக ‘எனக்கு மண்ணீரல் இல்லை’ என்று சொல்ல வேண்டும். நாய் கடித்தாலும் அப்படித்தான். வெறிநாய்க்கடி ஊசியோடு நின்றுவிடாமல், நாயின் வாயில் இருக்கும் கிருமிகளுக்கு எதிரான மாத்திரையையும் கேட்டு வாங்க வேண்டும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் சீட்டில் அதே வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள்.