மகிழ்ச்சி மூன்றாவது வரியில் இருக்கட்டும்

கேள்வி: எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் அறிவிப்புகள் எழுதுவது என் வேலை. ‘பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்’ என்ற தொடக்கத்தை எடுத்தால், ‘மரியாதையாக இல்லையே’ என்கிறார் மேலாளர். நேராகச் செய்தியைச் சொல்லி ஆரம்பிப்பது தவறா, ஆசிரியரே?

பதில்: மரியாதை! யாருக்கு என்று உங்கள் மேலாளரிடம் கேட்டீர்களா? படிப்பவருக்கு என்றுதான் சொல்வார். அந்தப் படிப்பவரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவருடைய கைப்பேசியில் உங்கள் மின்னஞ்சலின் முதல் சில சொற்கள்தான் எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் ‘எங்கள் நிறுவனம் பெருமகிழ்ச்சியுடன்...’ என்று மூன்று புள்ளியோடு நிற்கிறது. உங்களுக்கு மகிழ்ச்சி என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, எதற்கு என்பது தெரியவில்லை. அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுவார். ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்தி, நாம் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறோம் என்று மட்டும் சொல்லி அனுப்புவதில் என்ன மரியாதை இருக்கிறது?

இந்தப் பக்கத்துக்கு வரும் அறிவிப்புகளில் மகிழாத நிறுவனமே கிடையாது. புதிய கிளை திறந்தால் மகிழ்கிறார்கள். கிளையை மூடினாலும், ‘சேவையை ஒருங்கிணைப்பதில்’ மகிழ்கிறார்கள். கட்டணத்தை உயர்த்தும்போதுகூட ‘மாற்றியமைப்பதில் பெருமை கொள்கிறோம்’ என்று ஒருவர் அனுப்பியிருந்தார். இத்தனை ஆனந்தமான மனிதர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் நானும் விண்ணப்பம் போட்டுவிடுவேன். உண்மையிலேயே தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருப்பவர்கள் இப்படிப் பேசுவதில்லை. பிரசவ அறைக்கு வெளியிலிருந்து தொலைபேசியில் கூப்பிடும் தகப்பன் ‘பெண் குழந்தை, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க’ என்பான். ‘அறிவிப்பதில் அகமகிழ்கிறேன்’ என்று ஆரம்பித்தால் மறுமுனையில் இருப்பவருக்கு வயிற்றைக் கலக்கிவிடும்.

2016 பிப்ரவரி 11 அன்று, ஈர்ப்பு அலைகளைக் கண்டுபிடித்த லைகோ ஆய்வகத்தின் இயக்குநர் டேவிட் ரைட்சி செய்தியாளர்கள் முன்னால் பேசினார். அப்படி ஓர் அலை இருக்க வேண்டும் என்று ஐன்ஸ்டைன் 1916-இலேயே எழுதிவிட்டார். அதாவது நூறு வருடக் காத்திருப்பு. ரைட்சி ‘பெரியோர்களே’ என்று விளித்துவிட்டு, ஈர்ப்பு அலைகளை நாங்கள் கண்டறிந்துவிட்டோம் என்றார். அடுத்து, சாதித்துவிட்டோம் என்றார். அதற்கப்புறம்தான், இதை உங்களிடம் சொல்வதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி என்றார். கவனியுங்கள், மகிழ்ச்சியை அவர் விடவில்லை. மூன்றாவது வாக்கியத்துக்குத் தள்ளினார். அந்த இடத்தில் அது எடுபட்டது, ஏனென்றால் எதற்கு மகிழ்கிறார் என்பது கேட்டவர்களுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. உங்கள் மேலாளரிடம் சொல்ல இதைவிடப் பெரிய சாட்சி என்னிடம் இல்லை.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். நீங்கள் மாதிரி எதுவும் அனுப்பவில்லை, அதனால் நானே ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறேன். கடைக்காரர்கள் பில் போடும் செயலி ஒன்று. அறிவிப்பு இப்படி ஆரம்பிக்கிறது: ‘நம்பகமான சேவையில் என்றும் முன்னணியில் திகழும் எங்கள் நிறுவனம், வாடிக்கையாளர்களின் நெடுநாள் எதிர்பார்ப்பை நிறைவேற்றும் வகையில், பல்வேறு நவீன வசதிகளை உள்ளடக்கிய புதிய பதிப்பை வெளியிடுவதில் பெருமகிழ்ச்சி கொள்கிறது.’ இதே வரியைச் செருப்பு நிறுவனமும் போடலாம், பல்கலைக்கழகமும் போடலாம். பெயரை மாற்றினாலும் பொருந்துகிற முதல் வரியில் செய்தி இல்லை என்று அர்த்தம். தேடிக்கொண்டே போனால் நான்காம் பத்தியில், ஒரு ‘மேலும்’-க்குப் பின்னால், இணைப்பு இல்லாத நேரத்திலும் பில் போடும் வசதி சேர்க்கப்பட்டுள்ளது என்று இருக்கிறது. பாவம், அதுதான் செய்தி.

அதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: நேற்றுவரை முடியாத எதை இந்தக் கடைக்காரர் நாளை செய்ய முடியும்? பதிலை அப்படியே எழுதுங்கள். ‘மார்ச் 3 முதல், இன்டர்நெட் இல்லாதபோதும் எங்கள் செயலியில் பில் போடலாம்.’ அடுத்த வரியில் அது எப்படி நடக்கிறது என்பது: ‘இணைப்பு திரும்பியதும் அந்த பில்கள் தானாகவே கணக்கில் ஏறிவிடும்.’ மூன்றாவது வரியில் எல்லை: ‘இப்போதைக்கு ஆண்ட்ராய்டு போன்களில் மட்டும்.’ இந்த எல்லையைச் சொல்ல எல்லா மேலாளர்களும் தயங்குவார்கள். ஆனால் ஐபோன் வைத்திருப்பவர் அரை மணி நேரம் தேடிவிட்டு உங்களைத் திட்டுவதைவிட, மூன்றாவது வரியிலேயே தெரிந்துகொள்வது உங்களுக்குத்தான் நல்லது.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ‘திகழும்’, ‘நிறைவேற்றும்’, ‘உள்ளடக்கிய’ என்று எச்சங்களாகக் கோத்துக்கொண்டே போனால், என்ன நடந்தது என்பது முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில்தான் தெரியும். அதனால் முதல் வாக்கியம் குட்டையாக இருந்தே ஆக வேண்டும். நிறுவனத்தைப் பற்றிய அடைமொழிகளை வெட்டினாலே பாதி வேலை முடிந்தது.

துல்லியமாக எழுதச் சொன்னேன் என்பதற்காக, ‘பதிப்பு 4.2-இல் ஒத்திசைவு அடுக்கை மாற்றியமைத்துள்ளோம்’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அதுவும் துல்லியம்தான், ஆனால் உங்கள் அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்கான துல்லியம். கடைக்காரருக்கு நாள் வேண்டும், தன் வேலையில் என்ன மாறுகிறது என்பது வேண்டும். பதிப்பு எண்ணைக் கடைசியில் போட்டால் தேவைப்படுகிறவர் தேடிக்கொள்வார்.

சில சமயம் என்ன முயன்றாலும் இப்படி ஒரு வரி வராது. ‘இரு நிறுவனங்களும் இணைந்து செயல்பட முடிவு செய்துள்ளன’ என்று எழுதிவிட்டு, எதில், எப்போதிலிருந்து என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அப்போது எழுத்தில் குறையில்லை, செய்தியே இன்னும் பிறக்கவில்லை. மகிழ்ச்சி வரி இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் பழைய சந்தேகம். ஒன்றும் இல்லாத இடத்தில் அது வசதியாக உட்கார்ந்துகொள்கிறது. அந்த மாதிரி அறிவிப்பைத் தள்ளிப்போடச் சொல்லும் தைரியம் உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள். வேலை போனால் என்னைக் கேட்காதீர்கள்.

மேலாளரை எப்படிச் சமாளிப்பது? கடைசிப் பத்தியில் அவர் பெயரில் ஒரு மேற்கோள் வையுங்கள். அங்கே அவர் மனம் நிறைய மகிழட்டும். ஒரே நிபந்தனை, ஏன் மகிழ்கிறார் என்று ஒரு காரணமாவது இருக்கட்டும்: ‘கடைக்காரர்கள் எங்களிடம் அதிகம் கேட்டது இந்த வசதியைத்தான்.’ அந்த மேற்கோளை ஆச்சரியக்குறியோடு முடிக்கவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தக் குறியோடு எனக்கு நெடுநாள் பகை என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றுதான் போட்டிருக்கிறேன், ‘மரியாதை’க்குப் பக்கத்தில். எங்கள் பிழைதிருத்துநர் அதையும் அடித்துவிட்டார், நான்தான் சண்டை போட்டுத் திரும்ப வாங்கினேன்.