வீட்டைச் சுற்றி ஏப்ரன் கொங்கிரீட் போட்டு ஒரு வருடம்தான் ஆகிறது. மழை பெய்தால் அதே சுவரின் அடியில் திரும்பவும் ஈரம் வருகிறது, ஏன்?

உங்கள் கொங்கிரீட் சுவர்ப் பக்கம் சரிந்திருக்கும். படம் போடவில்லை, ஆனாலும் பந்தயம் கட்டுவேன், ஏனென்றால் இதே கூத்தை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் பார்த்து, இரண்டு தடவை காசு கொடுத்தவன் நான். இஞ்சினியர் இல்லை, வங்கியில் வேலை. அதனால் கமெண்டில் வந்து சான்றிதழ் கேட்க வேண்டாம்.

எங்களுடையது எட்டுப் பேர்ச் காணி. வீட்டின் ஒரு பக்கச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் மூன்றடி ஓடைதான், நீளம் நாற்பத்திரண்டு அடி. சுவரிலிருந்து பத்தடிக்குள் மண் ஆறு அங்குலம் இறங்க வேண்டும் என்று இணையத்தில் சொல்வார்கள். சரியான கணக்குத்தான், ஆனால் கொழும்பில் பத்தடி வெறும் நிலம் யாரிடம் இருக்கிறது? கனடாவில் இருக்கும் அத்தான் அந்தப் படத்தைத்தான் மூன்று முறை அனுப்பினார்.

முதல் தடவை வேலை செய்த மேசன் பாஸ் மண்ணைக் கிளறிக்கூடப் பார்க்காமல் மேலே கொஞ்சம் மணல் பரப்பி, மூன்று அங்குலம் கொங்கிரீட்டைத் தட்டையாகப் போட்டு, சுவரோடு சேர்த்துச் சீமெந்தும் பூசிவிட்டார். பார்க்க அழகுதான். ஆறு மாதத்தில் சுவரோரம் மயிரிழை அளவு பிளவு. கூப்பிட்டுக் காட்டினால், "அது ஒண்ணும் இல்லைங்க சேர், மண்ணு கொஞ்சம் எறங்கும், வெள்ளைச் சீமெந்து தடவிடலாம்" என்றார். தடவினார். பிறகு 2016 மே மாத மழை. ஊர் முழுக்க வெள்ளம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் அறைச் சுவரில் இரண்டடி உயரத்துக்கு ஈரம் ஏறி, அதன் மேல் விளிம்பில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. "தம்பி, உந்தச் சுவர் திரும்பவும் வேர்க்குது" என்று அம்மா அலுமாரியைத் தள்ளிவைக்கச் சொன்னார்.

அன்றிரவு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையும் டோர்ச்சுமாக அந்த ஓடையில் இறங்கினேன். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று கண்ணுக்குப் பிடிபடவில்லை, சும்மா தேங்கி நிற்பதுபோலத்தான் இருந்தது. ஒரு நெருப்புக்குச்சியை மதிலோரமாகப் போட்டேன். அது மெதுவாக மிதந்து நேராகச் சுவரடிக்கு வந்து, அந்தப் பிளவுக்கு மேலே நின்று சுற்றத் தொடங்கியது. அதோடு விளங்கிவிட்டது. காலையில் தண்ணீர் நிரப்பிய லெவல் குழாயைப் பிடித்துப் பார்த்தால் சுவர்ப் பக்கம் மதில் பக்கத்தைவிட முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது.

கொங்கிரீட்டை உடைத்த பிறகுதான் காரணத்தைக் கண்டோம். அத்திவாரம் கட்டும்போது வெட்டிய கிடங்கைத் திரும்ப மூடியவர்கள் உடைந்த செங்கல், சீமெந்துப் பை, தும்பு என்று கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு மேலே மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள். இடிக்காத மண் சில மழைக்குள் இறங்கத்தான் செய்யும். சுவரோரம் மட்டும்தான் கிடங்கு, மதில் பக்கம் பழைய இறுகிய நிலம். ஆகவே கொங்கிரீட் பலகை சுவர்ப் பக்கம் சாயாமல் வேறு எந்தப் பக்கம் சாயும்? அதற்குப் பிறகு ஏப்ரன் நீரைத் தள்ளாது, புனல் மாதிரி வாங்கி அத்திவாரத்துக்குள் ஊற்றும். போடாமலே விட்டிருந்தால் இதைவிடக் குறைவாகத்தான் நனைந்திருக்கும்.

இரண்டாவது தடவை வேறு பாஸ். சுவரோரமாக ஒன்றரை அடி தோண்டிக் குப்பை முழுவதையும் எடுத்தோம். பிறகு கிறவலை ஆறு அங்குலப் படையாகப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, அது இறுகிய பிறகே அடுத்த படை. மணல் போட வேண்டாம் என்பது என் கருத்து, அது தண்ணீரை உள்ளே விட்டுவிடும். காசு போனது இதற்குத்தான், கொங்கிரீட்டுக்கு ஆறேழு பை சீமெந்துதான் முடிந்தது.

மூன்றடி ஓடையில் சுவரோரம் இருபத்தேழு அங்குலம் ஏப்ரன், மீதி ஒன்பது அங்குலம் மதிலோரக் கான். ஏப்ரன் சுவரிலிருந்து கானுக்கு ஒரு அங்குலம் இறங்குகிறது. அதைவிடக் குறைத்தால் மட்டப்பலகையின் சின்னப் பிழையே சரிவைத் தின்றுவிடும். அதன் மேல்மட்டத்தை டிபிசிக்கு, அதாவது நிலத்து ஈரம் ஏறாமல் சுவரின் அடியில் போடும் தடுப்புப் படைக்கு, ஆறு அங்குலமாவது கீழே வைத்தோம், இல்லாவிட்டால் தெறிக்கும் தண்ணீரே டிபிசியைத் தாண்டிவிடும். கொங்கிரீட் சீமெந்து, மணல், கல் 1:2:4 கலவை, நாலு அங்குலக் கனம், கான் பக்க விளிம்பை மட்டும் அடியில் இன்னும் தடிப்பாக இறக்கினோம், மண் அரித்துப் போகாமல் இருக்க. நீளத்தை ஐந்து பலகைகளாகப் பிரித்தோம், ஒரே பலகை என்றால் அது தனக்குப் பிடித்த இடத்தில் வெடிக்கும்.

நான் பிடிவாதமாக நின்றது ஒரு விசயத்தில். சுவருக்கும் ஏப்ரனுக்கும் நடுவில் அரை அங்குல ரெஜிபோம் துண்டு வைத்து இடைவெளி விடச் சொன்னேன். "பிளவு வேண்டாம் என்றுதானே செய்கிறோம், நீங்களே பிளவு விடச் சொல்றீங்களே" என்று பாஸ் சிரித்தார். ஆனால் வீடும் ஏப்ரனும் ஒரே அளவில் இறங்காது, ஒட்டிவிட்டால் எங்காவது பிய்யும். பிறகு மேல் ரெஜிபோமைக் கிள்ளி எடுத்துவிட்டு, உருக்கிய தாரில் மணல் கலந்து நிரப்பினோம். அது இழுபடும், சீமெந்து இழுபடாது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை காய்ந்து சுருங்கும், திரும்ப ஊற்ற வேண்டும்.

கானில்தான் தலையிடி. நூறுக்கு ஒன்று சரிவு என்றால் நாற்பத்திரண்டு அடிக்கு ஐந்து அங்குலம். பின்னால் மூன்று அங்குல ஆழத்தில் தொடங்கினாலும் வாசலில் எட்டு ஆகிவிடும், அப்போது றோட்டுக் கானின் அடிமட்டத்துக்கும் கீழே போய்விடுவோம். நூற்றைம்பதுக்கு ஒன்று என்று குறைத்து, மூன்றேகால் அங்குலம் சொச்சம் இறக்கத்தோடு சமாளித்தோம். ஓடுகிறது, ஆனால் மாதம் ஒருமுறை இலை அள்ள வேண்டும். இந்த றோட்டுக்காரர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே காபெட் போடுவதால் றோட்டு இப்போது எங்கள் கேற்றடியைவிட நாலு அங்குலம் உயரம். போதாததற்கு பக்கத்து அபார்ட்மெண்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் எங்கள் கேற்றை மறித்துத்தான் வாகனம் விடுவார்கள், கேட்டால் "ரெண்டு நிமிசம் அங்கிள்". சரி, அதை விடுங்கள்.

நிலத்தில் மழைநீர் இறங்கவிடாமல் கொங்கிரீட் போடுகிறாயே என்று சிலர் வருவார்கள். சுவரோரம் இரண்டேகால் அடிதான் மூடியிருக்கிறேன், முன் வளவு முழுக்க மண்தான். டிபிசியே இல்லாத பழைய வீட்டுக்கும், வாய்க்கால் பெருகினால் நிலத்தடியிலேயே தண்ணீர் நிற்கிற இடத்துக்கும் இது மருந்தில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் உடைக்க முன்னால் அடுத்த மழையில் நெருப்புக்குச்சியைப் போட்டுப் பாருங்கள். சுவருக்கு வந்தால் மேலே சொன்ன வேலை. வெளிப்பக்கம் போயும் சுவர் நனைந்தால், கூரைப் பீலியின் பைப் எங்கே கொட்டுகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டின் பின் மூலையில் அப்படித்தான் இருந்தது, ஒரு முழங்கையும் நாலடி பைப்பும் வாங்கிக் கானுக்குள் திருப்பிவிட்டேன், அங்கே கொங்கிரீட்டில் கையே வைக்கவில்லை. சுவர் காய மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் பெயின்ற் அடித்துவிடாதீர்கள்.