ஏஐஎஸ் காட்டும் வட்டியும் பாஸ்புக் காட்டும் வட்டியும் பொருந்தாதபோது

கேள்வி: வருமான வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்ஸில், 2024-25 நிதியாண்டுக்கான என் மொத்த வட்டி ₹1,66,300 என்று வருகிறது. பாஸ்புக்கில் வரவான வட்டியைக் கூட்டினால் ₹27,700தான். ஒரு வங்கியில் எனக்குச் சேமிப்புக் கணக்கும் இரண்டு டெபாசிட்டுகளும் உள்ளன. ஒன்றில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும், மற்றது முதிர்வில் மொத்தமாகத் தரும். இன்னொரு வங்கியில் என் பெயர் முதலிலும் அப்பா பெயர் இரண்டாவதாகவும் உள்ள டெபாசிட் ஒன்று இருக்கிறது, பணம் அப்பாவுடையது. ஏஐஎஸ்ஸில் உள்ளவை: வரிப் பிடித்தத்தைக் காட்டும் டிடிஎஸ் பகுதியில் 194ஏ பிரிவின் கீழ் வட்டி ₹62,000 (பிடித்தம் ₹6,200), வங்கிகள் தரும் நிதிப் பரிவர்த்தனை அறிக்கையான எஸ்எஃப்டி பகுதியில் டெபாசிட் வட்டி ₹62,000, சேமிப்பு வட்டி ₹4,300, இன்னொரு வங்கியின் டெபாசிட் வட்டி ₹38,000. எல்லாவற்றையும் மறுத்துவிட்டு ₹27,700 மட்டும் காட்டலாமா?

பதில்:

அப்படிச் செய்ய வேண்டாம். நீங்கள் தந்திருக்கும் விவரங்களின்படி இரண்டு தொகைகளுமே சரியானவை அல்ல. உங்கள் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டிய வட்டி ₹66,300 என்றே எனக்குத் தெரிகிறது. ஏஐஎஸ் ஒரு லட்சம் கூடுதலாகக் காட்டுகிறது, பாஸ்புக் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் குறைவாகக் காட்டுகிறது. ஏஐஎஸ்ஸைத் திருத்துவதற்கு முன் நம் பக்கத்துக் கணக்கு சரியா என்று பார்ப்பதுதான் முறை. ஆகவே பாஸ்புக்கிலிருந்து தொடங்குகிறேன்.

பாஸ்புக் நம் கைக்கு வந்த பணத்தை மட்டுமே சொல்லும். வரி விதிக்கப்படுவது வங்கி உங்கள் பெயரில் கணக்கிட்ட முழு வட்டிக்கு, அதாவது வரிப் பிடித்தத்துக்கு முந்தைய தொகைக்கு. உங்கள் ₹27,700-இல் சேமிப்பு வட்டி ₹4,300-ஐக் கழித்தால் ₹23,400 மிஞ்சுகிறது. அது காலாண்டு வட்டி தரும் டெபாசிட்டிலிருந்து பத்து சதவீதம் பிடித்தம் போக வந்த தொகையாக இருக்க வேண்டும். பிடித்த ₹2,600-ஐச் சேர்த்தால் முழு வட்டி ₹26,000. வங்கி அறிவித்திருப்பதோ ₹62,000. இடையில் உள்ள ₹36,000, முதிர்வில் பணம் தரும் டெபாசிட்டில் அந்த ஆண்டு சேர்ந்த வட்டி. அது பாஸ்புக்கில் ஒரு வரியாகக்கூட வந்திருக்காது; ஆனாலும் வங்கி ஆண்டுதோறும் அதைக் கணக்கிட்டு, ₹3,600 வரியும் பிடித்திருக்கிறது. இரண்டு பிடித்தங்களையும் கூட்டினால் ஏஐஎஸ் காட்டும் அதே ₹6,200 வருகிறது. இந்தப் பொருத்தத்தைப் பார்த்துத்தான் ₹62,000 சரியான தொகை என்று சொல்கிறேன்.

இது என் ஊகக் கணக்கு என்பதால் இதை மட்டும் நம்பிவிடாமல், வங்கியின் இணையச் சேவையிலிருந்து அந்த நிதியாண்டுக்கான வட்டிச் சான்றிதழை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டெபாசிட் எண்ணுக்கும் எதிரே வட்டியும் பிடித்தமும் தனித்தனியாக இருக்கும். ஏஐஎஸ்ஸுடன் ஒப்பிட வேண்டிய ஆவணம் அதுதான். முதிர்வில் வாங்கும் வட்டியை முதிரும் ஆண்டில் மொத்தமாகக் காட்டிக்கொள்ளலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. வரி ஆண்டுதோறும் பிடிக்கப்படும்போது வருமானத்தை மட்டும் தள்ளிவைத்தால், பிடித்த வரி ஓர் ஆண்டிலும் அதற்குரிய வருமானம் வேறோர் ஆண்டிலும் நிற்கும். பொருத்தமின்மை பற்றிய கடிதங்கள் வருவது பெரும்பாலும் இப்படித்தான். ஆண்டுதோறும் காட்டிவருவதே நிம்மதி.

இனி ஏஐஎஸ் பக்கம். அங்கே கூடுதலாக நிற்கும் ஒரு லட்சத்தில் ₹62,000 இரட்டைப் பதிவு. ஒரே வங்கி ஒரே வட்டியை இரண்டு வழிகளில் வருமான வரித்துறைக்குச் சொல்கிறது. வரி பிடித்ததற்காக டிடிஎஸ் அறிக்கையில் ஒருமுறை. கொடுத்த வட்டியைப் பற்றி வங்கிகள் தர வேண்டிய எஸ்எஃப்டி-016 அறிக்கையில் இன்னொரு முறை. வங்கி இதில் பிழை எதுவும் செய்யவில்லை. இரண்டு அறிக்கைகளையும் தருவது அதன் கடமை. இத்தகைய இரட்டைப்புகளை அமைப்பே கண்டுபிடித்து நீக்க முயல்கிறது. அதன் விளைவை ஏஐஎஸ்ஸுக்குப் பக்கத்திலேயே உள்ள டிஐஎஸ் என்னும் சுருக்கத்தில் காணலாம். ஆகவே முதலில் டிஐஎஸ்ஸைத் திறந்து, வட்டி என்ற தலைப்பின் கீழ் அமைப்பு எவ்வளவு எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். ₹62,000 அங்கே ஒருமுறை மட்டுமே சேர்ந்திருந்தால், அதற்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இரண்டு முறை சேர்ந்திருந்தால் மட்டும் பின்னூட்டம் தாருங்கள்.

அதைத் தரும்போது எந்தப் பதிவில் தருகிறோம் என்பது முக்கியம். டிடிஎஸ் பதிவைத் தொடவே வேண்டாம். உங்களுக்குச் சேர வேண்டிய ₹6,200 வரவு அந்தப் பதிவோடு இணைந்திருக்கிறது. வருமானத்தை மறுத்துவிட்டு அதற்குப் பிடித்த வரியை மட்டும் கேட்டால் கணக்கு முரண்படும். எஸ்எஃப்டி பகுதியில் உள்ள ₹62,000 பதிவைத் திறந்து, பின்னூட்டப் பட்டியலில் "Information is duplicate / included in other information" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மீதி ₹38,000 உங்கள் அப்பாவின் வட்டி. கூட்டு டெபாசிட்டில் வங்கி பொதுவாக முதலில் உள்ள பெயருக்கே வட்டியை ஏற்றி அறிவிக்கும். பணம் யாருடையது என்று அதற்குத் தெரியாது. பிள்ளைகளின் பெயரை முன்னால் போட்டுப் பெற்றோர் டெபாசிட் வைக்கும் வீடுகள் நம்மிடையே மிகுதி என்பதால், நான் பார்க்கும் ஏஐஎஸ்களில் அதிகம் எதிர்ப்படும் தவறான பதிவு இதுவே. இதற்குப் பொருந்தும் தேர்வு "Information relates to other PAN/Year". அதில் அப்பாவின் பான் எண்ணையும் நிதியாண்டையும் தொகையையும் குறிப்பிடுங்கள்.

ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் முன் பணம் உண்மையில் அப்பாவுடையதுதான் என்று காட்ட முடியுமா என்று பாருங்கள். டெபாசிட் தொடங்கிய நாளில் தொகை அவருடைய கணக்கிலிருந்து சென்றிருக்க வேண்டும். வட்டியும் முதிர்வுத் தொகையும் அவருக்கே திரும்பியிருக்க வேண்டும். இந்த இரண்டையும் அவருடைய கணக்கு அறிக்கையில் காட்ட முடிந்தால் உங்கள் நிலை உறுதியானது. மாறாக, அவர் அந்தப் பணத்தை உங்களுக்கே கொடுத்துவிட்டு, வட்டியும் உங்கள் சேமிப்புக் கணக்கில் விழுகிறது என்றால், அது உங்கள் வருமானம். வயது வந்த மகனுக்கோ மகளுக்கோ பெற்றோர் கொடுக்கும் பணத்துக்குப் பரிசு வரி இல்லை என்றாலும், அதிலிருந்து வரும் வட்டிக்கு வரி கட்ட வேண்டியவர் வாங்கியவரே. கணவன் மனைவிக்கிடையே கொடுத்த பணம் என்றால் விதி வேறு. அங்கே வட்டி கொடுத்தவரின் வருமானத்தோடுதான் சேரும்.

உங்கள் ஏஐஎஸ்ஸிலிருந்து ₹38,000-ஐ அகற்றினால் அது அப்பாவின் பக்கம் சேர்கிறது என்பதை அவருக்குச் சொல்லி, அவருடைய வருமான வரிக் கணக்கில் காட்டச் செய்யுங்கள். பான் எண்ணைக் கொடுத்த பிறகு துறைக்கு அடுத்துத் தோன்றும் கேள்வி அவரிடம்தான். இந்த டெபாசிட்டில் டிடிஎஸ் இல்லாதது உங்களுக்கு நல்லதாயிற்று. அந்த ஆண்டில் மூத்த குடிமக்கள் அல்லாதோருக்கு ஒரு வங்கியில் ₹40,000 வரை பிடித்தம் இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பு ₹50,000. வட்டி வரம்பைத் தாண்டி உங்கள் பான் எண்ணில் வரி பிடிக்கப்பட்டால் ஏஐஎஸ் பின்னூட்டம் போதாது. வருமானமும் பிடித்த வரியும் இன்னாருக்கு உரியவை என்ற உறுதிமொழியை வருமான வரி விதி 37பிஏவின்படி வங்கியிடம் கொடுத்து, வங்கி அப்பாவின் பான் எண்ணில் அறிவிக்கும்படி செய்ய வேண்டும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது அப்பாவின் பெயரை முதலில் போட்டுவிட்டால் இந்த வேலையே மிஞ்சாது.

"Information is denied" என்ற தேர்வைப் பற்றிக் கேட்டீர்கள். அது, எனக்கும் இந்தப் பரிவர்த்தனைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்வதற்கானது: முன்பின் தெரியாத வங்கி, நீங்கள் விற்காத சொத்து, உங்கள் பான் எண்ணைத் தவறாகப் பதிந்த யாரோ ஒருவரின் கணக்கு. உங்கள் வங்கி உங்கள் டெபாசிட்டுக்குச் சொன்ன தொகையை மறுத்தால், அந்த மறுப்பு உறுதிப்படுத்தலுக்காக அதே வங்கிக்குச் செல்லும். சரிதான் என்று அது பதில் அனுப்பும். மறுத்தது பொய் என்ற பதிவு உங்கள் பெயரில் நிற்கும். 2024 மே மாதம் முதல் ஏஐஎஸ்ஸிலேயே இந்த உறுதிப்படுத்தலின் நிலையைப் பார்க்க முடிகிறது: தகவல் தந்தவருக்கு எப்போது அனுப்பப்பட்டது, அவர் எப்போது, என்ன பதிலளித்தார் என்பவை தெரியும்.

பின்னூட்டம் கொடுத்ததும் டிஐஎஸ்ஸில் உங்கள் தொகை மாறும். வங்கி தந்த மூலத் தொகை அப்படியே பக்கத்தில் நிற்கும், அது இயல்பானது. பிடித்த வரியின் வரவைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை இந்தப் பின்னூட்டம் மாற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள். பிடித்த வரியின் தொகையே தவறு என்றால், வங்கி தன் டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்தால்தான் தீரும். அதற்கு நாளாகும் என்பதால் கிளைக்கு எழுத்து வடிவில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வருமான வரிக் கணக்குப் படிவத்தைத் திறக்கும்போது முன்கூட்டியே நிரம்பியிருக்கும் வட்டித் தொகையை மறுபடி பாருங்கள். பின்னூட்டத்துக்கு முந்தைய தொகை அங்கே தங்கியிருந்தால் நீங்களே மாற்ற வேண்டும்: சேமிப்பு வட்டி ₹4,300, டெபாசிட் வட்டி ₹62,000, வரிப் பிடித்தம் ₹6,200. வங்கிகள் எஸ்எஃப்டி அறிக்கையையும் நான்காம் காலாண்டு டிடிஎஸ் அறிக்கையையும் தர மே 31 வரை காலம் இருப்பதால், ஏஐஎஸ் ஜூனிலும் மாறிக்கொண்டிருக்கும். அதனால் நான் ஜூன் நடுவில் ஒருமுறையும், தாக்கல் செய்யும் அன்றே இன்னொரு முறையும் ஏஐஎஸ்ஸை இறக்கி ஒப்பிடுவேன். அந்த இரண்டாவது பிரதி, வட்டிச் சான்றிதழ், அப்பாவின் கணக்கு அறிக்கை, பின்னூட்ட ஒப்புகை ஆகியவற்றை அந்த ஆண்டின் கோப்பிலேயே சேர்த்து வைத்துவிடுங்கள். விளக்கம் கேட்டு ஏதேனும் வந்தால் இந்த நான்கையும் வைத்தே பதில் எழுதிவிடலாம்.