நேரில் பார்த்தவர் சொன்ன உயரம்: நெப்போலியனின் கதை

கேள்வி: ஒரு வரலாற்று மனிதரின் உயரம், தோற்றம், பழக்கங்கள் பற்றி நேரில் பார்த்தவர்கள் எழுதியதை எவ்வளவு நம்பலாம்?

நேர்சாட்சிக் குறிப்பு என்பது ஒருவரைத் தம் கண்ணால் பார்த்தவர் பதிந்து வைத்தது. அதில் அளந்தது, கண்ணால் மதிப்பிட்டது, நினைவிலிருந்து எழுதியது ஆகிய மூன்றும் கலந்திருக்கும். நம்பகத்தன்மையும் அதற்கேற்ப மாறும்.

1821-இல் நெப்போலியன் இறந்தபின் மருத்துவர் அன்டோமார்க்கி பதிந்த உயரம் 5 அடி 2 அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஆனால் அது பழைய பிரெஞ்சு அளவு. அதன் ஓர் அங்குலம் ஏறத்தாழ 2.7 செ.மீ., ஆங்கில அங்குலமோ 2.54 செ.மீ. ஆகவே அவர் உயரம் சுமார் 168 செ.மீ.; அக்காலப் பிரெஞ்சு ஆண்களிடையே அது குள்ளம் அல்ல. எண்ணை எழுதியவர் பிழை செய்யவில்லை. அலகை மறந்து, ஆங்கில அங்குலமாக வாசித்து அவரைக் குள்ளர் என்றவர்களே பிழை செய்தனர்.

கண் மதிப்பீடு இதைவிட வழுக்கலானது. குழுப் புகைப்படத்தில் நெட்டையர்களுக்கு நடுவே நிற்பவர் குட்டையாகத் தெரிவதுபோல, உயரத்துக்காகவும் தேர்ந்தெடுக்கப்பட்ட காவற்படையினரிடையே அவரும் சிறுத்துத் தெரிந்திருப்பார்.

பழக்கங்களைப் பொறுத்தவரை, ஒருநாள் சந்தித்த விருந்தினரைவிட, அன்றாடம் உடனிருந்த பணியாளரின் சொல்லுக்கே என் வாக்கு. ஆயினும் அவர் பல ஆண்டுகள் கழித்து, பிறர் உதவியோடு எழுதியிருந்தால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பலர் ஒன்றையே சொல்வதால் அது உறுதியாகிவிடும் என்பது தவறான எண்ணம்: ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருந்தால், பத்துக் குறிப்புகளும் ஒரே சாட்சிதான்.