சமையல் மேடையிலும் மேசையிலும் லக்ஸ் அளப்பது

கேள்வி: லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். படிக்கும் இடம், சமையலறை, வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் மேசை ஆகியவற்றில் வெளிச்சம் போதுமா என்று எப்படிப் பார்ப்பது? எத்தனை லக்ஸ் இருக்க வேண்டும்?

பதில்:

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். வேலை செய்யும் இடங்களில் லக்ஸ் அளந்து பதிவேட்டில் எழுதுவது எங்கள் வழக்கமான பணிகளுள் ஒன்று. அதே முறையை வீட்டுக்கும் பின்பற்றலாம்.

முதலில் அளவுகள். தொடர்ந்து படிப்பதற்குப் புத்தகத்தின் மேல் 300 முதல் 500 லக்ஸ் விழ வேண்டும். காய் நறுக்கும் சமையல் மேடைக்கும் அதே 300 முதல் 500. சமையலறையின் மற்ற பகுதிகளுக்கு 150 அல்லது 200 போதும். எழுத்து வேலை நடக்கும் அலுவலக மேசைக்கு 500. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3646 பொது அலுவலகங்களுக்கு 300, 500, 750 என்று மூன்று எண்களைத் தருகிறது. வழக்கமான நிலையில் நடு எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை நுணுக்கமானதாகவோ பார்ப்பவர் வயதானவராகவோ இருந்தால் மேல் எண், அந்த இடத்தில் சிறிது நேரமே வேலை என்றால் கீழ் எண். அறுபது வயதைக் கடந்தவருக்கும் இருபது வயதுப் பிள்ளைக்கும் ஒரே அளவு போதும் என்று நினைப்பது சரியல்ல என்பதால், இந்த மூன்று எண் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது.

பெரும்பாலோர் அறையின் நடுவில் நின்று மீட்டரைக் கையில் உயர்த்திப் பிடித்து, வரும் எண்ணை எழுதிக்கொள்கிறார்கள். அந்த எண்ணால் பயன் மிகக் குறைவு. உணரியின் வெண்ணிற முகப்பு புத்தகம், காய் நறுக்கும் பலகை, மேசைத் தாள் என வேலை நடக்கும் பரப்பின் மேலேயே, அந்தப் பரப்பின் சாய்விலேயே படுத்திருக்க வேண்டும். அதற்கு முன் உணரியை மூடியால் மூடி, எண் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். 200, 2000, 20000 என்று எல்லை மாற்றும் பொத்தான் உள்ள மீட்டராக இருந்து, திரையின் இடது ஓரத்தில் 1 மட்டும் நின்றால், அடுத்த பெரிய எல்லைக்கு மாற்ற வேண்டும் என்று பொருள். விளக்கின் வெளிச்சத்தை மட்டும் அறிய இரவில் அளப்பதே நல்லது. எல்.இ.டி. அல்லாத பழைய குழல் விளக்காக இருந்தால் எரியவிட்டுக் கால் மணி நேரமாவது கழித்து அளக்க வேண்டும், ஏனெனில் அது முழு ஒளிக்கு வர நேரம் பிடிக்கும்.

வீட்டில் மிகவும் ஏமாற்றும் இடம் சமையலறைதான். தருமபுரியில் என் அக்கா வீட்டுச் சமையலறை எட்டுக்குப் பத்தடி, அதாவது சுமார் 7.4 சதுர மீட்டர். மேடைக்கு எதிர்ச்சுவரில் 20 வாட் எல்.இ.டி. குழல் ஒன்று, அதன் ஒளி சுமார் 2000 லூமன். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ் ஆகையால், ஒளி முழுதும் சீராகத் தரைப்பரப்பில் பரவினால் 270 லக்ஸ் கிடைக்கும். சுவரும் அலமாரியும் பாதியளவு விழுங்கிவிடும் என்று வைத்தால் 135. மீட்டர் அறையின் நடுவில் இடுப்புயரத்தில் 150 காட்டியது, ஆகவே கணக்கும் அளவும் ஒத்துப்போயின. ஆள் இல்லாத மேடையில் 110. அக்காவை வழக்கம்போல் நின்று வெங்காயம் நறுக்கச் சொல்லி, பலகையின் மேல் உணரியை வைத்தபோது 38.

"லைட்டு நல்லாத்தானே எரியுது, அப்புறம் எதுக்குடா இன்னொன்னு?" என்று அவர் கேட்டது நியாயமே, ஏனெனில் அறைக்குள் நுழைபவருக்கு அது வெளிச்சமான அறையாகத்தான் தெரியும். விளக்கு முதுகுப்பக்கம் இருப்பதால், நிற்பவரின் நிழலே கத்தி இறங்கும் இடத்தில் விழுகிறது. தொழிற்சாலையில் அளக்கும்போது நம் நிழல் உணரியின் மேல் விழாதபடி விலகி நிற்போம்; சமையல் மேடையிலோ இரண்டு முறை அளக்க வேண்டும், ஆள் விலகி ஒரு முறை, ஆள் நிற்கும்போது ஒரு முறை. இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் குறை விளக்கின் இடத்தில் இருக்கிறது. எதிர்ச்சுவரில் இன்னும் பெரிய குழலை மாட்டினாலும் நிழல் அதே இடத்தில்தான் விழும்.

மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடியில், முன் விளிம்பை ஒட்டி, 5 வாட் சிறிய எல்.இ.டி. பட்டை ஒன்றைப் பொருத்தினோம். அது பலகைக்கு அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பலகையின் மேல் 460 லக்ஸ் வந்தது, அக்கா நின்றபோதும் 430க்குக் கீழே இறங்கவில்லை.

இங்கே மீட்டர் சொல்லாத ஒன்றையும் கவனிக்க வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் கிரானைட் வெட்டுவதால் நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் மேடை கறுப்புக் கிரானைட்தான். லக்ஸ் என்பது பரப்பின் மேல் வந்து விழும் ஒளியின் அளவு. பரப்பு அதில் எவ்வளவைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது என்பது அதில் அடங்காது. வெள்ளைத் தட்டிலும் கறுப்புக் கல்லிலும் மீட்டர் அதே 460ஐக் காட்டும், ஆனால் கல் விழும் ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுவதால் மேடை இருட்டாகவே தோன்றும். களிக்கு ராகி பார்க்கும்போது இது நன்றாகப் புலப்படும்: செம்பழுப்புத் தானியத்துக்குள் கிடக்கும் கருங்கல் பொடியைக் கறுப்பு மேடையில் பரப்பிப் பொறுக்குவதற்கும் வெளிர்நிறத் தாம்பாளத்தில் பொறுக்குவதற்கும் லக்ஸில் வேறுபாடே இருக்காது, கண்ணுக்கு இருக்கும் சிரமத்தில் பெரிய வேறுபாடு இருக்கும். இப்படி நிறம் நிறத்தோடு கலந்து நிற்கும் வேலைக்கு 300ஐ விட்டு 500ஐ நோக்கிச் செல்வதே முறை. மெருகேற்றிய கிரானைட் கண்ணாடிபோல் விளக்கைக் காட்டும் என்பதால், பட்டையின் முன்னால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு மறைப்பும் வைத்தோம்; கண் கூச்சத்தையும் இந்த மீட்டர் அளக்காது.

படிக்கும் இடத்துக்குத் தனி மேசை விளக்கு இருந்தால் வேலை எளிது. சிறிய பல்பிலிருந்து தூரம் கூடக் கூட வெளிச்சம் தூரத்தின் இருமடிக்கேற்பக் குறையும். 60 செ.மீ. உயரத்தில் புத்தகத்தின் மேல் 250 காட்டினால், 40 செ.மீ.க்குத் தாழ்த்தியதும் ஏறத்தாழ 560 வரும். புதிய பல்பு தேவையில்லை. புத்தகத்தின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்து, மூலை எண்கள் மிகவும் சரிந்தால் சற்றே உயர்த்துங்கள்.

அலுவலக மேசையில், தாள் வைத்து எழுதும் இடத்தில் 500 இருக்கட்டும். நாள் முழுதும் கணினித் திரையை மட்டுமே பார்ப்பவருக்கு 300 போதும். ஜன்னலோர மேசையில் பகலில் ஆயிரத்தைத் தாண்டிய எண்கள் வருவது இயல்பு. அதைப் பார்த்து இரவுக்கும் போதும் என்று முடிவு செய்துவிடாமல் இருட்டிய பின் ஒரு முறை அளக்க வேண்டும்.

கைபேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை. அதன் உணரி கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால் பக்கவாட்டு ஒளியைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. அதே விளக்கின் கீழ் இரண்டு கைபேசிகளை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மீட்டர் உங்களிடம் இருக்கிறது. அளந்த இடம், நேரம், எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எல்.இ.டி. விளக்குகள் அணையாமலே ஆண்டுக்கு ஆண்டு மங்கும். அடுப்பின் எண்ணெய்ப் புகையும் தூசியும் படிந்தால் இன்னும் குறையும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் 460 என்பது 350 ஆகியிருந்தால், முதலில் பட்டையை ஈரத்துணியால் துடைத்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் எண் ஏறாவிட்டால்தான் விளக்கை மாற்ற வேண்டும்.