35 வயதுக்குள் என்றால் எது வரை?

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் காப்பியும் மிளகும் விற்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். கணக்காளர் வேண்டுமென்று இப்படி விளம்பரம் கொடுத்தோம்: "கல்வி: பி.காம். அல்லது பி.பி.ஏ. மற்றும் டேலி. வயது: 35க்குள். 2 ஆண்டு அனுபவம் விரும்பத்தக்கது. எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு உண்டு." சேலம், ஆத்தூர் பக்கமிருந்து வந்தவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினோம். எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்த பெண்ணுக்கு ஏன் வேலை இல்லை என்று அவர் அப்பா வந்து சத்தம் போட்டார். திரும்ப விளம்பரம் கொடுக்க வேண்டும். எப்படி எழுதினால் இந்தக் குழப்பம் வராது?

ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

அந்த அப்பா சத்தம் போட்டதில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. விளம்பரத்தை வைத்துப் பார்த்தால் அவர் நினைத்ததுதான் நியாயமான அர்த்தம். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் வயது.

நம் ஊரில் 35 நடக்கிறவரும் 35 என்பார், 35 முடிந்து 36 நடக்கிறவரும் 35 என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. அரசுத் தேர்வு அறிவிப்புகளில் "1 ஜூலை அன்று 32 வயது பூர்த்தி அடைந்திருக்கக் கூடாது" என்று டிஎன்பிஎஸ்சி எழுதுவது இதற்காகத்தான். மத்திய அரசின் எஸ்எஸ்சி இன்னும் ஒரு படி மேலே போய், இன்ன தேதிக்கு முன் பிறந்திருக்கக் கூடாது, இன்ன தேதிக்குப் பின் பிறந்திருக்கக் கூடாது என்று பிறந்த தேதியையே போட்டுவிடுகிறது. நீங்களும் அதையே செய்யுங்கள். கணக்கு நாள் 1.7.2026 என்று வைத்துக்கொள்வோம். அன்று 35 முடிந்தவர் வேண்டாம் என்றால் "2.7.1991 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் மட்டும்" என்று எழுத வேண்டும். 35 முடிந்திருந்தாலும் பரவாயில்லை, 36 முடியாமல் இருந்தால் போதும் என்றால் 2.7.1990. இரண்டுக்கும் நடுவில் முழுதாக ஒரு வருஷத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் நிர்வாகக் குழு இவர்களை உள்ளே விடுவதா வேண்டாமா என்று பேசியதே இல்லை என்றுதான் நினைக்கிறேன், அதனால்தான் வாசலில் வைத்துப் பேச வேண்டியதாயிற்று.

கணக்கு நாள் என்று ஒன்றைப் போடாவிட்டால் என்ன ஆகும்? அரசு வேலைகளில், விதியோ அறிவிப்போ நாளைச் சொல்லாதபோது விண்ணப்பிக்கக் கடைசி நாளையே தகுதிக்கான நாளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. உங்களுடையது தனியார் நிறுவனம், அந்தத் தீர்ப்பு உங்களை நேரடியாகக் கட்டாது. ஆனால் விண்ணப்பிக்கிறவர் அந்தப் பழக்கத்தோடுதான் வருவார். கடைசி செமஸ்டர் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை, நேர்முகத்துக்குள் ரிசல்ட் வந்துவிடும் என்று நம்பி பஸ் ஏறுகிறது. "1.7.2026க்குள் தேர்ச்சி முடிவு வந்திருக்க வேண்டும், முடிவுக்குக் காத்திருப்பவர்கள் விண்ணப்பிக்க இயலாது" என்ற ஒரு வரி இருந்தால் அது வீட்டிலேயே இருந்திருக்கும்.

அடுத்து அந்த "அல்லது", "மற்றும்". பி.காம். படித்தவருக்கும் டேலி தெரிந்திருக்க வேண்டுமா, பி.பி.ஏ. படித்தவருக்கு மட்டும்தானா? உங்கள் வரியை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். பி.காம். படித்த ஒருவர் டேலி தெரியாமல் வந்திருந்தால் அவர் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். அல்லதையும் மற்றும்மையும் ஒரே வாக்கியத்தில் விடாதீர்கள், இரண்டு வாக்கியமாக உடையுங்கள்.

"விரும்பத்தக்கது" என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்வேன். அனுபவம் இல்லாதவர்களை நீங்கள் எப்படியும் எடுக்கப் போவதில்லை என்றால் அது கட்டாயத் தகுதி, அப்படியே எழுதுங்கள். எடுப்பீர்கள், ஆனால் அனுபவம் உள்ளவருக்கு முன்னுரிமை என்றால் எத்தனை மதிப்பெண் முன்னுரிமை என்று சொல்லுங்கள். கட்டாயம் என்று முடிவு செய்தால் இன்னொரு ஆளையும் யோசிக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் ஐந்து வருஷமாகக் கணக்கு எழுதுகிறவர், அஞ்சல் வழியில் பி.காம். முடித்தது போன வருஷம்தான். முதலாளி சம்பளத்தைக் கையில் கொடுப்பார், ரசீது கிடையாது. இவருக்கு அனுபவம் உண்டா இல்லையா? பட்டத்துக்கு முந்தைய வேலை சேருமா, எந்தச் சான்று செல்லும் என்ற இரண்டு கேள்விக்கும் விளம்பரத்திலேயே பதில் இருந்தால் இவர் தன் முதலாளியிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வருவார், இல்லாவிட்டால் வரமாட்டார். என்னைக் கேட்டால் இவரைச் சேர்த்துக்கொள்வேன், மண்டிக் கணக்கு தெரிந்தவருக்கு மிளகுக் கொள்முதல் கணக்கு புதிதாக இருக்காது.

இப்போது அந்தப் பெண். எழுத்துத் தேர்வு என்பது உள்ளே விடுவதற்கான வாசலா, மதிப்பெண் கடைசி வரை கூட வருமா என்று நீங்கள் சொல்லவில்லை. இந்தக் குழப்பம் பெரிய தேர்வு எழுதிப் பழகியவர்களுக்கே வரும். குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், எடுத்தால் அந்த மதிப்பெண் தரவரிசையிலும் சேரும். குரூப் 2 முதன்மைத் தேர்வில் தமிழ்த் தாளுக்கும் அதே 40 சதவீதம்தான், ஆனால் அது தகுதிக்கு மட்டும், தரவரிசையில் சேராது. அங்கே அறிவிப்பில் தெளிவாக எழுதியிருப்பதால் தெரிந்துகொள்ள முடிகிறது. உங்கள் விளம்பரத்தில் "உண்டு" என்பதோடு முடிகிறது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன், எண்களை உங்கள் முடிவுப்படி மாற்றிக்கொள்ளுங்கள்:

"பி.காம். அல்லது பி.பி.ஏ. தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். எந்தப் பட்டம் பெற்றவரானாலும் டேலியில் வேலை செய்யத் தெரிந்திருக்க வேண்டும், சான்றிதழ் தேவையில்லை, தேர்வன்று கணினியில் செய்து காட்ட வேண்டும். 2.7.1991 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவராக இருக்க வேண்டும். சம்பளத்துக்குக் கணக்கு எழுதிய அனுபவம் மொத்தம் 24 மாதம் வேண்டும், பட்டத்துக்கு முன் செய்த வேலையும் சேரும், முதலாளி கையெழுத்திட்ட கடிதம் போதும். எல்லாத் தகுதியும் 1.7.2026 அன்று இருக்க வேண்டும்.

முதலில் சான்றிதழ் சரிபார்ப்பு. அதில் தேறியவர்களுக்கு அன்றே 50 மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வு, 30 மதிப்பெண்ணுக்கு டேலி செய்முறை. இரண்டும் சேர்த்து அதிக மதிப்பெண் பெற்ற முதல் 5 பேர் மட்டும் 20 மதிப்பெண் நேர்முகத்துக்கு அழைக்கப்படுவர். மூன்றின் கூட்டுத்தொகையில் முதலாவதாக வருபவருக்கு வேலை. சமமாக வந்தால் செய்முறையில் அதிகம் பெற்றவருக்கு."

இது வெளியான பிறகு நேர்முக மதிப்பெண்ணைக் கூட்டுவதோ, 5 பேரை 8 ஆக்குவதோ கூடாது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அரசுப் பணிகளுக்கு இதைத்தான் உறுதி செய்தது: விதியோ அறிவிப்போ இடம் கொடுத்தாலொழிய, ஆளெடுப்பு தொடங்கிய பின் விதியை மாற்றக்கூடாது. தனியார் நிறுவனமும் இதைப் பின்பற்றுவதுதான் நேர்மை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் அலுவலகத்தில் இல்லாத இரண்டு மூன்று பேரிடம் இதைக் காட்டுங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். அந்த மண்டிக்காரரையும், ரிசல்ட் வராத பிள்ளையையும், 1.7.1991 அன்று பிறந்த ஒருவரையும் சொல்லி, இவர் விண்ணப்பிக்கலாமா என்று கேளுங்கள். ஒரு ஆளுக்கு இரண்டு வேறு பதில் வந்தால் அந்த வரியைத் திரும்ப எழுத வேண்டும்.

சான்றிதழ் சரிபார்ப்பைக் கடைசியில் வைக்காமல் முதலில் வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இன்னும் நல்லது, நகல்களை முன்பே தபாலிலோ வாட்ஸ்அப்பிலோ வாங்கிப் பார்த்து, தகுதி இல்லாதவருக்கு எந்தத் தகுதி இல்லை என்று ஒரு வரி அனுப்பிவிடுவது. அவர் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது.