நிக்ரோம் கம்பி ஏன் நொடியில் அறுகிறது? இரண்டு பேட்சுக்கு ஏன் இரண்டு அளவு?

கேள்வி: ஹீட் டிரான்ஸ்ஃபர் லேபில் கிரிட்டிகல் ஹீட் ஃப்ளக்ஸ் சோதனை செய்தோம். 0.2 மி.மீ. விட்டம், 10 செ.மீ. நீளமுள்ள நிக்ரோம் கம்பி. டிம்மர்ஸ்டாட்டை மெதுவாகத்தான் திருப்பினோம். அப்படியும் கம்பி திடீரென்று சிவந்து அறுந்துவிட்டது. எங்கள் பேட்சுக்கு 4.6 ஆம்பியரில் அறுந்தது, அடுத்த பேட்சுக்கு 6 ஆம்பியர் வரை தாங்கியது. எது சரியான அளவு? வீட்டு கீசர் எலிமென்ட் எரிந்துபோவதும் இதனால்தானா?

பதில்: இரண்டு அளவுமே சரியாக இருக்கலாம். கம்பி சிவந்த அந்த நேரத்தில் தண்ணீரின் வெப்பநிலை என்ன என்று இரண்டு பேட்சும் குறித்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. அதற்குப் போகுமுன், கம்பியின் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்கும்போது கம்பி 100 டிகிரியைவிட ஐந்து முதல் முப்பது டிகிரி மட்டுமே கூடுதல் சூட்டில் இருக்கும். குமிழிகள் உருவாகிப் பிரிந்து போகப் போக, அந்த இடத்துக்குப் புதுத் தண்ணீர் ஓடிவந்து கம்பியைக் குளிர்விக்கிறது. மின்சாரத்தைக் கூட்டினால் குமிழிகளும் கூடும், குளிர்ச்சியும் கூடும். அதனால் கம்பியின் வெப்பநிலை கொஞ்சம்தான் ஏறும்.

இதற்கு ஒரு எல்லை உண்டு, அதுதான் கிரிட்டிகல் ஹீட் ஃப்ளக்ஸ். சதுர மீட்டருக்கு 11 லட்சம் வாட் அளவில் மேற்பரப்பின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சராசரியாக நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் நீராவி கிளம்ப வேண்டியிருக்கிறது. அது முழுப் பரப்பிலிருந்தும் சீராக எழுவதில்லை. தனித்தனித் தூண்களாகத் திரண்டு எழுகிறது. தூண்கள் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே பிடிக்கும் என்று கொண்டால், அவற்றுக்குள் நீராவியின் வேகம் நொடிக்கு 4 மீட்டர். இந்த வேகத்தில் மேலே போகும் ஆவியும், அதை ஒட்டிக் கீழே இறங்கும் தண்ணீரும் உரசுகிற எல்லை நிலைகுலைகிறது. தண்ணீர் இறங்கிவர வழியில்லாமல் போகிறது. நோவாக் சூபர் இந்த விளக்கத்திலிருந்துதான் தன் சூத்திரத்தை வருவித்தார்:

```
q_max = 0.131 · h_fg · ρ_v^0.5 · [σ · g · (ρ_l − ρ_v)]^0.25
```

100 டிகிரி தண்ணீருக்கு ஆவியாதல் வெப்பம் h_fg = 2257 kJ/kg, நீராவியின் அடர்த்தி ρ_v = 0.596 kg/m³, தண்ணீரின் அடர்த்தி ρ_l = 958 kg/m³, பரப்பு இழுவிசை σ = 0.0589 N/m. இவற்றைப் போட்டால் சுமார் 1.1 MW/m² கிடைக்கும்.

தண்ணீர் வந்து சேராத இடத்தில் ஆவிப்படலம் கம்பியை மூடிக்கொள்கிறது. வெப்பத்தைக் கடத்துவதில் நீராவி தண்ணீரைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு மோசம். மின்சாரமோ அதே அளவில் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அதே வெப்பத்தை ஆவிப்படலம் வழியாகத் தள்ள வேண்டுமென்றால் கம்பி ஆயிரம் டிகிரிக்கும் மேல் சூடேற வேண்டும். நிக்ரோம் சுமார் 1400 டிகிரியில் உருகிவிடும்.

உங்கள் கம்பியின் எடை 0.026 கிராம். அதை ஒரு டிகிரி சூடேற்ற 0.012 ஜூல் போதும். அதற்குள் 74 வாட் பாய்கிறது, குளிர்ச்சி முற்றிலும் நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டால் உருகுநிலையைத் தொட 0.2 நொடிதான் ஆகும். படலம் கொஞ்சம் வெப்பத்தைக் கடத்துவதால் உண்மையில் சற்றுக் கூடுதல் நேரம் கிடைக்கும், அவ்வளவே. டிம்மரை எவ்வளவு மெதுவாகத் திருப்பினாலும் எல்லையைத் தாண்டிய பிறகு நடப்பதை உங்கள் கை தடுக்க முடியாது.

1934இல் ஜப்பானில் ஷிரோ நுகியாமா இதே சோதனையைச் செய்தபோதும் நிக்ரோம் கம்பி எரிந்துபோனது. உருகுநிலை அதிகமுள்ள பிளாட்டினம் கம்பி தாங்கியது. பிளாட்டினத்தின் மின்தடை சூட்டோடு நன்றாக ஏறும் என்பதால் கம்பியே வெப்பமானியாகவும் பயன்பட்டது. நிக்ரோமின் தடை ஆயிரம் டிகிரி ஏறினாலும் சில சதவீதமே மாறும். ஆகவே மீட்டரைப் பார்த்து ஆபத்தை முன்கூட்டி அறிய முடியாது. கண் கம்பிமேல்தான் இருக்க வேண்டும். முதலில் ஓரிடத்தில் மட்டும் சிவப்புப் புள்ளி தெரியும், பிறகு இரண்டு பக்கமும் பரவும். புள்ளி தெரிந்ததும் சுவிட்சை அணையுங்கள். டிம்மரைக் கொஞ்சம் குறைத்துப் பயனில்லை. பெரிய தட்டையான பரப்புக்கான கணக்கில் படலம் கலைய ஹீட் ஃப்ளக்ஸ் 19 kW/m² அளவுக்கு, அதாவது உச்சத்தில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும்.

இனி உங்கள் எண்கள். கம்பியின் பரப்பு 6.28 × 10⁻⁵ m², தடை சுமார் 3.5 ஓம். 4.6 ஆம்பியரில் 74 வாட், அதாவது 1.18 MW/m². சூபர் கணக்குக்கு மிக அருகில் இருக்கிறது. 6 ஆம்பியரில் 126 வாட், 2.0 MW/m². ஒன்று மற்றதைப் போல 1.7 மடங்கு.

தண்ணீர் கொதிநிலைக்குக் கீழே இருந்தால் குமிழிகள் வழியிலேயே சுருங்கி மறையும், அதனால் எல்லை உயரும். இதற்கு வழக்கமாகப் பயன்படுத்தும் ஐவி–மோரிஸ் திருத்தத்தின்படி, 100 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் எல்லை ஏறத்தாழ 4.7 சதவீதம் கூடுகிறது. 15 டிகிரி குறைந்தால் 1.7 மடங்கு. இரண்டாவது பேட்ச் தண்ணீரைச் சூடாக்கும் பல்க் ஹீட்டரை அணைத்துவிட்டு நிதானமாக ரீடிங் எடுத்திருந்தால், கம்பி சிவந்தபோது தண்ணீர் 85 டிகிரி வாக்கில் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. நிதானமே அளவை உயர்த்திவிட்டது!

மறுபடி செய்யும்போது காய்ச்சி வடித்த தண்ணீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, கரைந்த காற்றை வெளியேற்றுங்கள். பல்க் ஹீட்டரை முழுவதும் அணைக்காமல் இலேசான கொதி நிற்கும்படி வைத்திருங்கள். கிட்டில் அந்த வசதி இல்லையென்றால் கம்பி சிவக்கும் நொடியில் வெப்பமானி காட்டுவதைக் குறித்துத் திருத்தம் செய்யுங்கள். 3.5 ஆம்பியர் வரை வேகமாகப் போகலாம், அதன்பின் 0.1 ஆம்பியராகக் கூட்டி, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் நிறுத்துங்கள். மின்னழுத்தத்தை டிம்மரில் பார்க்காமல் கம்பியின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். பிடிப்பு தளர்ந்திருந்தால் அங்கே விழும் வோல்ட்டும் கணக்கில் சேர்ந்துவிடும். கம்பி விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளங்கள், 0.01 மி.மீ. பிசகினாலே பரப்பில் 5 சதவீதம் தவறு வரும். டிம்மர்ஸ்டாட் மெயின்ஸிலிருந்து தனிமைப்படுத்தாது. ஆகவே இணைப்பு இருக்கும்போது தண்ணீரில் கை வைக்கவே கூடாது.

இத்தனைக்குப் பிறகும் பத்து இருபது சதவீதம் சிதறல் இருக்கும். சூபர் சூத்திரம் பெரிய தட்டையான பரப்புக்கானது. தண்ணீரின் பரப்பு இழுவிசையும் ஈர்ப்பும் சேர்ந்து தீர்மானிக்கும் நீள அளவு 2.5 மி.மீ.; உங்கள் கம்பியின் ஆரம் அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய கம்பியில் ஆவித் தூண் கணக்கு முழுதாகப் பொருந்தாது. ரெக்கார்டில் சூத்திர மதிப்போடு இழுத்துப் பொருத்த முயல வேண்டாம், வித்தியாசத்தை அப்படியே எழுதிக் காரணத்தையும் சொல்லுங்கள்.

கீசர் எலிமென்ட் கதை வேறு. 1500 வாட் எலிமென்ட்டின் உறை 8 மி.மீ. விட்டமும் 80 செ.மீ. நீளமும் உள்ளது என்றால், ஹீட் ஃப்ளக்ஸ் 75 kW/m² தான் வரும். எல்லையில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்குதான். அங்கே எரிப்பது உப்புப் படிவு. 3 மி.மீ. படிந்துவிட்டால் உறை வெகுவாகச் சூடேறும். உள்ளே இருக்கும் சுருள் அதைவிடச் சூடாகும். அல்லது தண்ணீர் இல்லாமல் போட்டிருப்பார்கள். உப்புத் தண்ணீர் வரும் வீடானால் வருடத்துக்கு ஒருமுறை எலிமென்ட்டைக் கழற்றிப் படிவை எடுத்துவிடுங்கள்.